கீழே பாருங்கள், அம்மா: ஆறாத இமை அழற்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி அம்மா ஒருவர் தம் பிளாஸ்டிக் பையை என் மேசைமீது கவிழ்த்தபோது ஒன்பது சொட்டு மருந்துக் குப்பிகளும் மூன்று களிம்புக் குழாய்களும் உருண்டன. மூன்று ஆண்டுகளாக நான்கு இடங்களில் வாங்கியவை. செயற்கைக் கண்ணீர் நான்கு வகை, ஒவ்வாமைக்கான சொட்டு இரண்டு, கிருமிக்கொல்லி ஒன்று, கிருமிக்கொல்லியும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு இரண்டு. களிம்புகளில் இரண்டு அதே கலவைதான். "எதைப் போட்டாலும் பத்து நாள் நன்றாக இருக்கிறது டாக்டர், பிறகு பழைய குருடி கதவைத் திறடி" என்றார்.

இது 2022 ஆகஸ்டில், மதுரைப் பக்கம் நடந்தது. நோயாளிக்கு வயது 56, தையல் தொழில், எடை 60 கிலோ, நீரிழிவு இல்லை. காலையில் எழும்போது இரு கண்களிலும் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், வெந்நீர் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும். நாள் முழுவதும் மண் விழுந்தது போன்ற உறுத்தல். ஊசியில் நூல் கோக்கும்போது பார்வை மங்கும், நான்கு முறை கண்ணைச் சிமிட்டினால் தெளியும். இரண்டு முறை கண்கட்டி வந்து அறுத்து எடுத்திருக்கிறார்கள், ஒன்று வலது மேலிமையில், மற்றது இடது கீழிமையில். இமைமுடி உதிர்கிறது என்பதையும் கடைசியில், வெட்கத்தோடு சொன்னார்.

எங்கே அரிக்கிறது என்று கேட்டேன். ஒவ்வாமைக்காரர்கள் பெரும்பாலும் மூக்கை ஒட்டிய உள் மூலையைத் தேய்த்துக் காட்டுவார்கள். இவர் ஆள்காட்டி விரலை மேலிமையின் ஓரத்தில் வைத்து, முடி முளைக்கும் கோட்டின் மேலேயே இப்படியும் அப்படியும் இழுத்தார். விடியற்காலையில்தான் அரிப்பு மிகுதி என்றும் சொன்னார். இந்த இரண்டும் எனக்குப் போதிய துப்பாக இருந்தன. ஆனாலும் துப்பு வேறு, சான்று வேறு.

நேராகப் பார்த்தபோது தெரியாதது

ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியின் முன் அமர்த்தி நேராகப் பார்க்கச் சொன்னேன். இமை விளிம்பில் சற்றுச் சிவப்பு, கண்ணீர்க் கோட்டில் கொஞ்சம் நுரை. முந்தைய சீட்டுகளில் "கண் உலர்வு" என்றும் "ஒவ்வாமை" என்றும் எழுதியிருந்தவர்கள் பொய் எழுதவில்லை. நேராகப் பார்க்கிற கண்ணில் அவ்வளவுதான் தெரியும். கண் திறந்திருக்கும்போது மேலிமை முடிகளின் அடிப்பகுதி இமையின் மடிப்புக்குள் மறைந்து நம் பார்வைக் கோட்டுக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது.

"கீழே பாருங்கள், அம்மா" என்றேன். இமை தாழ்ந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு முடியின் அடியிலும் மெழுகுபோல் பாதி ஒளி ஊடுருவும் ஓர் உறை, சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்ததுபோல், சுற்றிவர நின்றது. வலது மேலிமையில் எண்ணியபோது 62, இடதில் 41. ஒரு மேலிமையில் பொதுவாக நூறிலிருந்து நூற்றைம்பது முடிகள் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு என்று புரியும்.

இந்தக் கழுத்துப்பட்டிதான் இந்த ஆய்வின் மையம். இமையோரத்துப் பொருக்கு என்றாலே ஒன்றுதான் என்று நினைப்பது தவறு. தலைப்பொடுகு உள்ளவர்களுக்கு வரும் எண்ணெய்ப் பிசுக்கான செதில், முடியின் எந்த உயரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தொட்டால் வழுக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியால் வருவது காய்ந்து உடையும் பொருக்கு, அதைப் பிய்த்தால் அடியில் சிறு புண்ணும் சில சமயம் இரத்தப் பொட்டும் தெரியும். மூன்றாவது வகை, முடியைச் சுற்றி உருளையாக, அடியிலேயே உட்கார்ந்திருப்பது. முடி வளர வளர அந்த உருளையும் முடியோடு மேலே ஏறும். இந்த உருளைப் பொடுகு கண்ணில் பட்டால் டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணிதான் காரணம் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்காவின் மயாமியில் கண் மருத்துவர் ஷெஃபர் செங்கின் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உருளை உள்ள முடிகளைப் பிடுங்கிப் பார்த்தால் சிற்றுண்ணி இருப்பதும், இல்லாத முடிகளில் அநேகமாக இல்லாததும் தெளிவானது.

சிற்றுண்ணி என்ற சொல்லை அந்த அம்மாவின் மகளிடம் சொன்னபோது, "சிற்றுண்டியா?" என்று கேட்டாள். ஒருவகையில் அதுவும் சரிதான்.

யார் இந்த விருந்தாளி

டெமோடெக்ஸ் எட்டுக் குட்டைக் கால்கள் கொண்ட, புழுவைப் போல் நீண்ட உடலுள்ள சிற்றுயிர். ஆட்டிலும் மாட்டிலும் ஒட்டும் உண்ணிக்கும் சிலந்திக்கும் தூரத்து உறவு. 1840-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் ஹென்லேயும், முகப்பருவை ஆராய்ந்துகொண்டிருந்த தோல் மருத்துவர் குஸ்டாவ் சைமனும் இதைக் கண்டார்கள். 1843-இல் ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் கிரேக்கத்தில் கொழுப்புப் புழு என்று பொருள்படும் பெயரை இட்டார். மனிதரில் இரண்டு இனங்கள். ஃபோலிகுலோரம் என்பது மூன்றில் ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதலான நீளம், இமைமுடியின் மயிர்க்காலில் தலைகீழாகக் கூட்டமாகக் குடியிருக்கும். ப்ரெவிஸ் அதைவிடக் குட்டை, எண்ணெய்ச் சுரப்பிகளின் ஆழத்தில் தனியாக ஒளிந்திருக்கும். இந்த அம்மாவுக்கு வந்த கண்கட்டிகளில் பின்னதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

முட்டையிலிருந்து சாவு வரை இதன் ஆயுள் இரண்டிலிருந்து இரண்டரை வாரம். ஒளியைக் கண்டால் மயிர்க்காலுக்குள் ஒதுங்கும், இருட்டில் வெளிவந்து இணைசேரும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நடக்கும். அரிப்பு விடியலில் மிகுதி என்பது இந்த இரவு நடமாட்டத்தோடு பொருந்துகிறது.

அது மயிர்க்காலின் உள்சுவரைச் சுரண்டித் தின்கிறது. சுரண்டப்பட்ட தோல் தடித்துக் கெரட்டின் என்ற கடினப் புரதத்தை உற்பத்தி செய்கிறது. உதிர்ந்த செல்கள், கெரட்டின், முட்டை ஓடுகள், செத்த உண்ணிகளின் எச்சம் எல்லாம் முடியைச் சுற்றிப் பிசைந்து இறுகியதுதான் அந்தக் கழுத்துப்பட்டி. உண்ணிக்கு மலவாய் கிடையாது, அதனால் சாகும்போது உள்ளே தேக்கிய கழிவு முழுவதும் வெடித்துப் பரவி அழற்சி ஊட்டுகிறது என்று நானும் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன்தான். 2022-இல் வந்த மரபணு ஆய்வு, மலவாய் இருக்கிறது என்று காட்டிவிட்டது. அந்த வரியை என் பாடக்குறிப்பிலிருந்து அடித்துவிட்டேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் தூக்கத்தைத் தொலைப்பார்கள். வயதானவர்களில் பெரும்பாலோரின் முகத்தில் இது வாழ்கிறது. அவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஓர் உண்ணி இருப்பது நோய் அல்ல. எண்ணிக்கை பெருகி, உருளைகள் நிறைந்து, இமை சிவந்து, ஆள் அவதிப்படும்போதுதான் அது நோய்.

கண்ணாடித் துண்டில்

உருளைகளே போதும் என்றாலும், மூன்று ஆண்டு அலைந்தவருக்குக் கண்ணால் காட்டினால்தான் நம்பிக்கை வரும். நுண்ணிய இடுக்கியால் ஒரு முடியின் நடுவில் பிடித்து, இழுக்காமல், அதே இடத்தில் மெல்லச் சுழற்றினேன். மயிர்க்காலின் வாய் அகன்று, உண்ணிகளின் வால்கள் வெள்ளைத் துரும்புகள்போல் எட்டிப் பார்க்கும். இதற்குப் பழக்கம் வேண்டும், வேகமாக முறுக்கினால் முடி வந்துவிடும்.

பிறகு ஒவ்வோர் இமையிலும் ஒன்றாக, உருளையுள்ள நான்கு முடிகளைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை மூடினேன். ஓரத்தில் ஃப்ளோரசீன் என்ற சாயக் கரைசலை ஒரு துளி விட்டேன். அது உருளைக்குள் ஊறி இறுகிய பிசினைத் தளர்த்தும், ஒளிந்திருப்பவை நெளிந்து வெளிவரும். நான்கு முடிகளில் பதினொன்று எண்ணினேன். இதில் ஒரு வரம்பு உண்டு: பிடுங்கும்போது உண்ணிகள் மயிர்க்காலுக்குள்ளேயே தங்கிவிடலாம். ஆகவே முடியில் ஒன்றும் இல்லை என்பதால் உண்ணியே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கைப்பேசியை நுண்ணோக்கியின் கண்ணருகே வைத்துப் படமெடுத்துக் காட்டினேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "என் கண்ணில் பேன் இருக்கிறதா?" என்றார். இருபது நிமிடம் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியும் வீட்டுக்குப் போய் எல்லாப் போர்வைகளையும் அண்டாவில் வேகவைத்தார் என்று பின்னர் அறிந்தேன்.

அதே நாளில் வேறு இரண்டையும் பார்த்தேன். ஒன்று, கண் அழுத்தம். வலது 22, இடது 23 மில்லிமீட்டர். இயல்பின் மேல் எல்லை 21 என்று கொள்கிறோம். ஸ்டீராய்டு கலந்த மருந்தை இடைவெளி விட்டு விட்டு ஆண்டுக்கணக்கில் போட்டதன் விலை இதுவாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன். பத்து நாள் நன்றாக இருந்து பிறகு திரும்பும் வட்டத்துக்கும் அதுவே விடை. ஸ்டீராய்டு சிவப்பை அணைக்கிறது, அரிப்பை அடக்குகிறது, உண்ணியை ஒன்றும் செய்வதில்லை. மருந்து நின்றதும் தீ மறுபடி பற்றுகிறது, அதற்கு மறுபடி அதே மருந்து.

இரண்டாவது, இமையைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே கண்ணில், ஒரே இடத்தில், கண்கட்டி திரும்பத் திரும்ப வந்து, இமை தடித்து, அந்த இடத்தில் மட்டும் முடி கொட்டினால், அது இமை அழற்சி வேடம் போட்ட எண்ணெய்ச் சுரப்பிப் புற்றாக இருக்கலாம். நம் நாட்டில் இமைப் புற்றுகளில் இது அரிதல்ல. இவருக்கு இரண்டு கட்டிகளும் வெவ்வேறு கண்ணில், வெவ்வேறு இமையில், இமைகள் மென்மையாகவே இருந்தன. ஒரு பக்கமாக மட்டும் இருந்திருந்தால் திசுவை எடுத்து அனுப்பியிருப்பேன்.

கழுவுவது வேறு, கொல்வது வேறு

சிகிச்சையின் முதல் நாள் பழைய மருந்துகள் அனைத்தையும் நிறுத்தினேன். பாதுகாப்புப் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் மட்டும், ஒரு நாளைக்கு நான்கு முறை. கண்மையும் நின்றது. வெதுவெதுப்பு ஒத்தடம் நாளுக்கு ஒரு முறை, பத்து நிமிடம். இதில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. வெந்நீரில் முக்கிய துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். மீதி எட்டு நிமிடம் குளிர்ந்த துணியைத்தான் வைத்திருக்கிறார்கள். சுரப்பியில் இறுகிய எண்ணெய் உருக இமையின் வெப்பம் நாற்பது டிகிரி அளவில் சில நிமிடம் நிற்க வேண்டும். ஆகவே இரண்டு துணிகள், ஒன்று கண்ணில், ஒன்று வெந்நீரில், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நீரின் சூட்டை முதலில் முன்கையில் சோதிக்க வேண்டும். தையல்காரர் என்பதால் நான்கு மடிப்புத் துணிப்பட்டைகளை அழகாகத் தைத்துக்கொண்டார்.

ஒத்தடம் எண்ணெயை உருக்கும், உண்ணியைக் கொல்லாது. குழந்தைகளுக்கான ஷாம்பூவால் இமையைக் கழுவச் சொல்வது நம்மிடையே நெடுங்காலப் பழக்கம். அதுவும் பிசுக்கை எடுக்கும், அவ்வளவுதான். மயாமிக் குழு அதே ஆண்டில் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஷாம்பூவைப் பாதியாக நீர்த்ததில் போட்ட உண்ணிகள் 150 நிமிடம் கழித்தும் உயிரோடு இருந்தன. பத்து சதவீத போவிடோன் அயோடினிலும் 75 சதவீத ஆல்கஹாலிலும் அதே கதை. டீ ட்ரீ எண்ணெயிலோ, செறிவு கூடக் கூட, விரைவாகச் செத்தன: தூய எண்ணெயில் சில நிமிடம், பாதி நீர்த்ததில் கால் மணி நேரம். இப்போது கடைகளில் கிடைக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலத் தெளிப்பும் கிருமிகளுக்கு நல்லதாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் உண்ணி அதையும் பொருட்படுத்தவில்லை.

டீ ட்ரீ எண்ணெயைக் கடைக்காரர்கள் தேயிலை எண்ணெய் என்று விற்கிறார்கள். தேயிலைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் வளரும் மெலலூக்கா என்ற மரத்தின் இலையிலிருந்து வடித்தெடுப்பது. இதில் உண்ணியைக் கொல்லும் முதன்மைப் பொருள் டெர்பினென்-4-ஆல். இந்தப் பெயர்க் குழப்பம்தான் இந்த நிகழ்வில் பெரிய விபத்துக்கு வழி செய்தது.

என் திட்டம் இது: வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில், மரத்துப்போகும் சொட்டு விட்டு, முதலில் உருளைகளைப் பஞ்சுக்குச்சியாலும் இடுக்கியாலும் கழற்றிவிட்டு, பாதி நீர்த்த எண்ணெயை இமையோரத்தில் மட்டும் தேய்ப்பது. கண்ணுக்குள் ஒரு துளியும் போகக் கூடாது என்பதால் பஞ்சுக்குச்சியை ஈரமாக மட்டும் வைத்துக்கொண்டு, சொட்டாமல் பிழிந்துவிட வேண்டும். வீட்டில் காலையும் இரவும், அந்தப் பொருளைக் குறைந்த அளவில் சேர்த்துத் தயாரித்த இமைத் துடைப்பான். துடைக்கும்போது கண்ணை மூடி, மேலிமையைச் சற்று மேலிழுத்து, முடியின் அடியிலிருந்து நுனி வரை. புருவத்தையும் நெற்றியையும் சேர்த்து, ஏனென்றால் அங்கிருந்தும் அவை குடிவருகின்றன.

முதல் வாரம் எரிச்சலோடு சரியாகப் போயிற்று. இரண்டாம் வாரத்தில் ஒரு ஞாயிறு இரவு தொலைபேசி வந்தது. துடைப்பான் விலை அதிகம் என்று எண்ணிய அம்மா, கடையில் நூறு சதவீதத் "தேயிலை எண்ணெய்" குப்பி ஒன்றை வாங்கிப் பஞ்சில் தோய்த்துத் தடவியிருக்கிறார். கண்ணைத் திறக்க முடியவில்லை, நெருப்பை வைத்ததுபோல் எரிகிறது என்று மகள் அழுதாள். குழாயைத் திறந்து, மெல்லிய நீர்ப்பாய்ச்சலில் கால் மணி நேரம் கண்ணைக் கழுவிக்கொண்டே இருக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் ஃப்ளோரசீன் சாயமிட்டுப் பார்த்தால் இரு கருவிழிகளின் கீழ்ப்பாதியிலும் மேல்தோல் புள்ளி புள்ளியாக உரிந்து பச்சையாக மின்னியது. நல்லவேளை, ஆழமான காயம் இல்லை. அடிக்கடி செயற்கைக் கண்ணீரும், கிருமி தொற்றாமல் ஒரு களிம்பும் போட்டு, ஐந்தாம் நாளில் கருவிழி தெளிந்தது.

பாதித் தவறு என்னுடையது. "டீ ட்ரீ உள்ள துடைப்பான்" என்று சீட்டில் எழுதினேனே தவிர, தூய எண்ணெயைத் தொடவே கூடாது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், எழுதியும் கொடுக்கிறேன்.

அதோடு இந்த எண்ணெய்மீது எனக்கு இருந்த பழைய பற்றும் குறைந்துவிட்டது. ஆறு சோதனைகளைத் திரட்டி 2020-இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, பலன் இருக்கலாம், ஆனால் சான்று உறுதியற்றது என்றுதான் சொன்னது. டெர்பினென்-4-ஆல், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த மனித இமை எண்ணெய்ச் சுரப்பிச் செல்களையும் நச்சுப்படுத்துகிறது. ஏற்கெனவே சுரப்பி நலிந்தவருக்கு அதை மாதக்கணக்கில் தேய்க்கச் சொல்வதில் ஒரு நெருடல் இருக்கிறது. ஆறு வாரம், தேவைப்பட்டால் இன்னும் சில வாரம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு.

மாத்திரை, எடைக்கு ஏற்ப

காயம் ஆறிய பிறகு எண்ணெய்த் திட்டத்தைக் கைவிட்டேன். ஐவர்மெக்டின் மாத்திரைக்கு மாறினேன். இமை அழற்சிக்கு இது அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு அல்ல; சிறு ஆய்வுகளின் துணையோடு மருத்துவர்கள் தம் பொறுப்பில் தருவது. அளவு, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அறுபது கிலோவுக்கு 12 மில்லிகிராம். ஒரு முறை கொடுத்து, ஏழு நாள் கழித்து அதே அளவு மறுபடி. இரண்டாவது முறை ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். மருந்து நடமாடும் உண்ணியைத் தாக்கும், முட்டையை அல்ல. முதல் மருந்தின்போது முட்டையாக இருந்தது ஒரு வாரத்தில் பொரித்து நடமாடும். முட்டையிடும் வயதை அடைவதற்குள் அதைப் பிடித்தாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பதினைந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இது கூடாது; இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு உறையும் நேரத்தைக் கண்காணிக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த மாத்திரையைக் கொரோனாவுக்கு என்று வாங்கி வைத்த மிச்சம் பல வீடுகளில் இருக்கிறது. எடை பார்க்காமல் அதை எடுத்து விழுங்க வேண்டாம்.

உருளைகளைக் கழற்றும் வேலையை மட்டும் வாரம் ஒரு முறை தொடர்ந்தேன். மாத்திரை உள்ளிருந்து கொன்றாலும், இறுகிப்போன கழுத்துப்பட்டி தானாகக் கரையாது. அதற்குள் முட்டைகளும் இருக்கின்றன.

கண்ட பலனைச் சொல்கிறேன். மாத்திரை தொடங்கிய நான்காம் வாரத்தில் காலை ஒட்டுதல் நின்றது. ஆறாம் வாரத்தில் உருளைகள் வலதில் 9, இடதில் 5. மூன்றாம் மாதம் வலதில் 2, இடதில் 1. கண் அழுத்தம் 16, 15 என்று இறங்கிவிட்டது. ஸ்டீராய்டை நிறுத்தியதைத் தவிர அதற்கு வேறு எதுவும் செய்யவில்லை. புது முடிகள் குச்சி குச்சியாக முளைத்தன.

மங்கல் மட்டும் முழுவதும் போகவில்லை. கீழிமையை அழுத்தினால் வெண்ணெய்போல் கெட்டியான எண்ணெயே வந்தது, சில சுரப்பிகளில் ஒன்றுமே வரவில்லை. மூன்று ஆண்டு அழற்சியில் வற்றிப்போன சுரப்பி, உண்ணி செத்ததால் மீளாது. செயற்கைக் கண்ணீரும் ஒத்தடமும் அவரோடு நெடுநாள் இருக்கும் என்று சொன்னேன். "நூல் கோத்தால் போதும் டாக்டர்" என்றார்.

இரண்டாம் வருகை

எட்டாம் மாதம் திரும்பி வந்தார். அரிப்பு லேசாக. உருளைகள் வலதில் 14. ஒத்தடத்தையும் துடைப்பதையும் ஐந்தாம் மாதமே விட்டுவிட்டாராம். இதில் வியப்பு இல்லை. முகத்தில், புருவத்தில், வீட்டில் உள்ளவர்கள் முகத்தில் எல்லாம் உண்ணி இருக்கும்போது, இமையில் மட்டும் என்றென்றைக்கும் இல்லாமல் செய்வது நடக்காத காரியம். எண்ணிக்கையைத் தாழ்வாக வைத்திருப்பதே இலக்கு.

உடன் வந்த கணவரையும் கீழே பார்க்கச் சொன்னேன். அவர் இமையிலும் இருபது உருளைகள், ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லை. மருந்து கொடுக்கவில்லை, இமையைத் தினமும் துடைக்க மட்டும் சொன்னேன். தொந்தரவு இல்லாதவருக்கு மாத்திரை கொடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. தலையணை உறையை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதால் கெடுதல் ஒன்றும் இல்லை; உண்ணி மனிதத் தோலை விட்டு நெடுநாள் வாழாது என்பதால், போர்வைகளை அண்டாவில் வேகவைக்கும் அளவுக்குப் போகத் தேவையும் இல்லை.

விளக்கெண்ணெய் வைக்கலாமா என்று அந்த அம்மா கேட்டார், அவருடைய பாட்டி வைப்பாராம். சிரித்துத் தள்ளிவிட முடியாத கேள்வி. 2021-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், குளிர் முறையில் பிழிந்த ஆமணக்கெண்ணெயை நான்கு வாரம் இமையில் தடவியவர்களுக்கு உருளைப் பொடுகு உட்படச் சில அறிகுறிகள் குறைந்தன. ஆனால் அது இருபத்தாறு பேரை வைத்துச் செய்தது, தடவியது சுத்தம் சோதித்த எண்ணெய். மளிகைக் கடை விளக்கெண்ணெயைக் கண்ணோரத்தில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவருக்குச் சிகிச்சை நடந்த காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. லோட்டிலானெர் என்ற சொட்டு மருந்தை, 0.25 சதவீதத்தில், டெமோடெக்ஸ் இமை அழற்சிக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் 2023 ஜூலையில் அங்கீகரித்தது. இந்த நோய்க்கென்று அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அதுதான். நாய், பூனைகளின் தெள்ளுக்கும் உண்ணிக்கும் கொடுக்கும் மாத்திரையில் இருக்கும் அதே மூலப்பொருள். பூச்சியின் நரம்பில் ஒரு குறிப்பிட்ட வாயிலை அடைத்து அதை முடக்குகிறது. காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு, ஆறு வாரம். ஆறு வாரம் என்பது உண்ணியின் இரண்டு தலைமுறையைத் தாண்டிய காலம்.

எண்ணூறு பேருக்கு மேல் சேர்த்து நடத்திய இரு பெரிய சோதனைகளில், மேலிமை உருளைகள் இரண்டு அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்கள் ஒன்றில் 44 சதவீதம், மற்றதில் 56 சதவீதம். மருந்தில்லாச் சொட்டு விட்டவர்களில் முறையே 7, 12 சதவீத அளவுதான். பத்து அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்கள் என்று பார்த்தால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். பக்கவிளைவு, பத்தில் ஒருவருக்குச் சொட்டு விட்டதும் எரிச்சல். இவ்வளவு தெளிவான எண்கள் வேறு எந்த இமை உண்ணி மருந்துக்கும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு உருளை முற்றாக நீங்கவில்லை என்பதும் அதே எண்களில் இருக்கிறது. விலையும் சாதாரண நோயாளிக்கு எட்டுவதல்ல.

இரண்டாம் சுற்றில் அந்த அம்மாவுக்கு அதே இரண்டு மாத்திரைகள், ஒரு வார இடைவெளியில். உருளைகளைக் கழற்றியது இரண்டு முறை. ஒத்தடத்தை விடாமல் செய்ய, தையல் எந்திரத்தின் மேசை மேலேயே ஒரு சிறிய வெந்நீர்க் குடுவை வைத்துக்கொண்டார். கடைசியாக 2023 நவம்பரில் பார்த்தபோது வலதில் 3, இடதில் 2. இருக்கையில் அமர்ந்ததும், நான் சொல்வதற்கு முன்பே, முகவாயைத் தாங்கியில் வைத்துக் கீழே பார்த்தார்.